ஒரு பைக்கு முப்பது

விடைத்தாள் திருத்தும் மையத்தில் எனக்கு 'வக்கீலம்மா' என்று பட்டப்பெயர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு அப்படி ஒரு பெயர். அன்று காலை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவே முடியவில்லை.

தேர்வு முடிந்ததும் மாணவர்களுக்காக, 'வழக்கமான தவறுகள்: கேள்வி பதில்' என்று ஒன்று வெளியிடுவார்கள். செலவுக் கணக்குப் பகுதியை என்னை எழுதச் சொல்லியிருந்தார்கள். எந்தத் தவறைப் பற்றி முதலில் எழுதலாம் என்று யோசித்தபடி மாதிரி விடையைப் புரட்டினால், அதிலேயே ஒரு தவறு அச்சாகி உட்கார்ந்திருந்தது.

கேள்வி இதுதான். ஒரு பட்டறை எட்டாயிரம் பை தைக்கிறது. பத்தாயிரம் தைக்க வசதி உண்டு. பை ஒன்றுக்குத் துணி, ஜிப், கூலி அறுபது. கட்டட வாடகையும் மேலாளர் சம்பளமுமாக நிலைச்செலவு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு பைக்கு முப்பது. விலை நூற்றுப் பத்து. புதிதாக ஒருவர் இரண்டாயிரம் பையை எழுபத்தைந்துக்குக் கேட்கிறார். அவர் சின்னத்தை அச்சடிக்க ஒரு மெஷினைப் பத்தாயிரத்துக்கு வாடகைக்கு எடுக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கு இதனால் மாற்றமில்லை. ஆர்டரை ஏற்கலாமா?

மாதிரி விடை: ஒரு பையின் அடக்க விலை தொண்ணூறு, விலை எழுபத்தைந்து, மெஷின் வாடகையும் சேர்த்து நாற்பதாயிரம் நஷ்டம், ஏற்கக் கூடாது. இதன்படி திருத்தினால் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யம். இந்த ஒரு கேள்வியில் பலர் ஃபெயில் ஆகிவிடுவார்கள். எனக்குத் திருத்தக் கொடுத்த விடைத்தாள் கட்டிலேயே அப்படிச் சிலர் இருந்தார்கள்.

தலைமைத் தேர்வாளரிடம் போனேன். மாதிரி விடை போட்டவரே அவர்தான்.

"சார், இந்த ரெண்டாயிரம் பையைத் தைக்கலைன்னா கட்டட வாடகை குறையுமா?"

"குறையாது."

"தைச்சா கூடுமா?"

"கூடாது. ஆனா பங்கு போடணும்ல மேடம். பத்தாயிரத்தால வகுத்தாக்கூட பைக்கு இருபத்துநாலு. அடக்கம் எண்பத்துநாலு ஆகுது. அப்பவும் எழுபத்தஞ்சு கட்டுப்படியாகாதே."

"வகுத்தா வர்ற எண்தான் சார் மாறுது, கட்டுற வாடகை மாறலையே. நீங்க தொண்ணூறுன்னு வச்சது, பை கூடக்கூட வாடகையும் கூடுற மாதிரி ஆயிடுது. பைக்கு இவ்வளவுங்கறதை விட்டுட்டு மொத்தமா போட்டுப் பாருங்க. இப்ப லாபம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஆர்டர் எடுத்தா?"

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். விற்பனை பத்து லட்சத்து முப்பதாயிரம். அதில் துணி, ஜிப், கூலி ஆறு லட்சம் போயிற்று. பழைய நிலைச்செலவு போயிற்று. மெஷின் வாடகையும் போயிற்று. மிச்சம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். இருபதாயிரம் கூடுதல். மறுபடி முதலிலிருந்து தட்டினார். அதே எண்.

"அப்போ நிலைச்செலவே வேணாம்னு எல்லாத்தையும் தள்ளினவனுக்கும் மார்க்கா?" என்றார், விடாமல்.

"இல்ல சார். மெஷின் வாடகை இந்த ஆர்டராலதான் வருது. அதைக் கட்டாயம் கழிக்கணும். முப்பதாயிரம் லாபம்னு எழுதினவனுக்குக் குறைக்கத்தான் வேணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுவோம். ரெண்டு பதிலுக்கும் மார்க் போட்டுடுவோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"ஏத்துக்கோன்னும் ஏத்துக்காதேன்னும் ஒரே நேரத்துல எப்படி சார் சரியாகும்? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பயம் இல்லாமல் இல்லை. அடுத்த ஆண்டு என்னை அழைக்காமல் விட அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனாலும் நகரவில்லை. அவர் என்னையும் கால்குலேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"பை ஆர்டர் கேள்வியோட மாதிரி விடை தப்பு. போட்டது நான்தான். திருத்தின தாளையெல்லாம் திரும்பத் திருத்தணும்."

கூடம் முழுக்க முனகல். என் பக்கத்து மேசைக்காரர், "வாயாலேயே வேலை வாங்கிட்டீங்களே வக்கீலம்மா," என்று கட்டை அவிழ்த்தார்.

நான் ஜெயித்த மிதப்பில் நன்றி சொல்லப் போனபோது, தலைமைத் தேர்வாளர் தானே ஒரு கட்டைப் பிரித்து வைத்திருந்தார். ஆனால் திருத்தவில்லை.

"இந்தத் தாளை நாம திருத்திடலாம் மேடம்," என்றார். "நான் வகுப்புலயும் இதை இப்படித்தானே நடத்தியிருக்கேன். என்கிட்டப் படிச்சவங்கள்லாம் இப்ப எந்தெந்தப் பட்டறையில உக்காந்து, கட்டுப்படியாகாதுன்னு வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிட்டிருக்காங்களோ?"

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த விடைத்தாள் கட்டில் பாதியை எடுத்துக்கொண்டேன்.