பொன்முடிக்குப் போன டைவர்

தளவாய் கடலில் நின்ற வேலைப் பார்ஜிலிருந்து கரைக்கு வந்து இறங்கியபோது, ஷெட்டில் அழுத்த அறையின் இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் டாக்டர் சாவித்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உங்க ஆள் எங்கே?" என்றாள்.

தளவாய் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தான். "இங்க வரலையா? போட்டுல முதல்லயே அனுப்பிட்டேனே!"

விழிஞ்ஞத்துக்கு வெளியே கடலில் மூழ்கிப்போன ஒரு பெரிய கிரேனைத் தூக்கும் வேலை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. கடற்படையில் டைவராக இருந்துவிட்டு வந்த தளவாய்தான் மேற்பார்வை. அன்று காலை டைவர் வன்னியபெருமாள் இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி, ஆழத்தில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது, மேலே காற்று அனுப்பும் கம்ப்ரஸர் இருமி இருமி நின்றுபோனது. இடுப்பில் கட்டியிருந்த சிறு சிலிண்டரில் இருந்தது கொஞ்சக் காற்று. ஏறும்போது இருபதடியிலும் பத்தடியிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குக் காற்று போதவில்லை. அவன் நேராக மேலே வந்துவிட்டான். வந்தவன் சிரித்தான். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, கல்லு மாதிரி இருக்கேன்." ஆனாலும் தளவாய் அவனைப் படகில் ஏற்றி, கடலடி அழுத்தத்தை மறுபடி உண்டாக்கி மெல்லக் குறைக்கும் அழுத்த அறைக்கு நேரே போகச் சொல்லிவிட்டு, கம்ப்ரஸரைப் பார்க்கப் பார்ஜிலேயே தங்கினான்.

படகுக்காரன் தங்கையன் தலையைச் சொறிந்தான். "எஸ்டேட் லாரிக்காரன் கரையில காத்து நின்னான். பெருமாளு பெண்டாட்டி மாடம்மாளுக்குப் பிரசவம் ஆச்சு, பெண்குட்டி என்னு சொன்னான். அவ்வளவுதான், பெருமாளு லாரியில ஏறிப் போயிட்டான். லாரி நெடுமங்காடு வரைதான், அங்க பஸ் பிடிப்பானாம்."

"எந்த எஸ்டேட்?" என்று டாக்டர் கேட்டாள்.

"பொன்முடி. மலை மேல."

அவள் முகம் வெளுத்ததைத் தளவாய் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. முங்கியெழுந்தவன் அன்று விமானம் ஏறக் கூடாது என்று கடற்படையில் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். மலையைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஆனால் காற்றுக்கு விமானமும் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான்.

"ஜீப்பை எடுங்கோ," என்றாள் சாவித்ரி. "ஆக்ஸிஜன் சிலிண்டரும் மாஸ்க்கும் வச்சுக்கறேன்."

நெடுமங்காடு தாண்டி ஜீப் பறந்தது. திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரகாரத்துப் பெண் சாவித்ரி. கடல்வேலைக்குப் பொம்பளை டாக்டரா என்று டைவர்கள் முதல் வாரம் முணுமுணுத்ததுண்டு. இப்போது சிலிண்டரை மடியில் கட்டிக்கொண்டு, ஜீப் குலுங்கும்போதெல்லாம் தலை கூரையில் இடித்தும் பிடியை விடாமல் வந்தாள்.

"ஏன் டாக்டரம்மா, பத்து மைல் நடந்தாலும் அசராத உடம்பு அவனுக்கு. தாங்காதா?"

"உடம்பு பலத்துல இல்லை இது," என்றாள். "அங்கே கடல்ல கீழே அழுத்தம் இங்கே இருக்கறதைப் போல நாலரை மடங்கு. சுவாசிக்கற காத்துல முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன். உடம்புக்கு அது எதுக்கும் உதவாது, சும்மா ரத்தத்துலயும் கொழுப்புலயும் கரைஞ்சிண்டே இருக்கும். அழுத்தம் கூடக் கூட நிறையக் கரையும். மெள்ள ஏறினா நுரையீரல் வழியா வந்த வழியே போயிடும். திடீர்னு ஏறினா போக நேரம் கிடைக்காது. கரைஞ்சது ரத்தத்துக்குள்ளேயே குமிழா பிரியும். மூட்டுல நின்னா வலி. தண்டுவடத்துல நின்னா கால் போச்சு."

"மேலே மலையில?"

"அங்கே காத்தழுத்தம் பத்துல ஒரு பங்கு குறைச்சல். அடங்கிக் கிடக்கற குமிழ் பெரிசாகும். இன்னும் புதுசா வரும். அவன் கடல்லேருந்து ஏறினது போதாதுன்னு இன்னும் ஏறிண்டிருக்கான்."

கல்லாறு கடந்து வளைவுகள் ஆரம்பித்தன. நடு ஏற்றத்தில் பஸ் ஓரமாக நின்றிருந்தது. சுற்றிலும் கூட்டம். வன்னியபெருமாள் பாறை நிழலில் கிடந்தான். தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி," என்றான் தளவாயைப் பார்த்ததும். "கால் எங்க இருக்குன்னே தெரியலை."

பஸ் டிரைவர் ராஜமணி ஓடிவந்தான். "சாரே, எஸ்டேட் ஆஸ்பத்திரி மேலே பக்கம்தான் கேட்டோ. நாலு வளைவு. பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம்."

"மேலே வேண்டாம்," என்றாள் சாவித்ரி. அவள் குரல் உயரவில்லை, ஆனால் கூட்டம் அடங்கியது. "ஒரு வளைவுகூட வேண்டாம். கீழே. கடலுக்கு."

"ஆஸ்பத்திரி இத்ர பக்கத்தில இருக்கறப்போ..." என்று யாரோ இழுத்தார்கள்.

"அந்த ஆஸ்பத்திரி நல்லதுதான். ஆனா அது உசரத்துல இருக்கு. இவருக்கு உசரம்தான் வியாதி."

வன்னியபெருமாள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தான். "புள்ளைய ஒரு கண்ணு பாத்துட்டு வாரேன் டாக்டரம்மா."

"பார்ப்பேள். ரெண்டு கால்ல நின்னுண்டு பார்ப்பேள். மாடம்மாளுக்குச் சொல்லியனுப்பறேன், அவளுக்கு எழுந்திருக்க முடிஞ்சதும் குழந்தையோட அவளே கீழே வரட்டும்." ராஜமணியைப் பார்த்தாள். செய்தியை மேலே தானே சொல்லிவிடுவதாக அவன் தலையாட்டினான்.

ஜீப்பில் அவனைத் தட்டையாகப் படுக்கவைத்து, மாஸ்க்கை முகத்தில் பொருத்தினாள். இறங்க இறங்க அவன் முனகல் சற்றே தணிந்தது. கால்கள் மட்டும் அப்படியே கிடந்தன.

ஷெட்டுக்கு வந்தபோது ஒரு கேள்வி மிச்சமிருந்தது. உள்ளே அவனோடு யார் போவது? தளவாய் வெளியே வால்வில் நிற்க வேண்டும். காலையில் முங்கிய மற்ற டைவர்களின் உடம்பிலும் நைட்ரஜன் மிச்சமிருந்தது, அவர்களை மறுபடி அழுத்தத்துக்குள் அனுப்பக் கூடாது.

சாவித்ரி செருப்பைக் கழற்றினாள்.

"டாக்டரம்மா, நீங்க இதுவரைக்கும் உள்ள இருந்ததில்லையே."

"காது அடைச்சா எப்படி விடுவிக்கணும்னு சொல்லுங்கோ."

தளவாய் மூக்கைப் பொத்தி மெல்ல ஊதிக் காட்டினான். அவள் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, வன்னியபெருமாளைக் கிடத்தியிருந்த அறைக்குள் குனிந்து போனாள். தளவாய் கதவை அடைத்து வால்வைத் திறந்தான். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. தடித்த கண்ணாடி வழியாக அவள் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்குவது தெரிந்தது. அவன் வால்வை நிறுத்தினான். அவள் மூக்கைப் பிடித்து ஊதினாள், மறுபடி ஊதினாள், பிறகு தொடரலாம் என்று கட்டை விரலைக் காட்டினாள். அறுபதடி ஆழத்தின் அழுத்தம் வந்ததும் அழுத்தமானியின் முள் நின்றது.

"தோள்வலி போயிடுத்துங்கறார்," என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. அடர்ந்த காற்றில் அது மூக்கால் பேசுவது போல் ஒலித்தது. குமிழ்கள் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தன. இனி அவை மறுபடி கரைந்து, மூச்சோடு வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் ஆக்ஸிஜன். வரும் மூச்சில் நைட்ரஜன் இல்லாவிட்டால், உள்ளே இருப்பது வெளியேற வேகம் பிடிக்கும். ஆனால் அழுத்தத்தில் அதிக நேரம் சுத்த ஆக்ஸிஜன் இழுத்தால் வலிப்பு வரலாம். அதனால் நடுநடுவே மாஸ்க்கை எடுத்து, சாதாரணக் காற்றைச் சுவாசிக்கவிட்டாள். உள்ளே அனல். அவள் ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஊசியால் அவன் பாதத்தைத் தொட்டு, "தெரியறதா?" என்று கேட்டாள்.

வெகுநேரம், "இல்லை" என்றே பதில் வந்தது. பிறகு ஒருதடவை அவன் பாதத்தை வெடுக்கென்று இழுத்தான்.

"குத்தாதீங்க!" என்று கத்தினான்.

தளவாய் கண்ணாடியிலிருந்து திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பத்து வருஷத்தில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறான். கடலுக்குள் கத்தியோடு இறங்கியவர்கள், வெடிமருந்தைக் கையில் பிடித்தவர்கள். பழக்கமில்லாத உடம்போடு, வெளியிலிருந்து பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், வேறொருவன் காலுக்காக இப்படி உட்கார்ந்தவரைப் பார்த்ததில்லை.

அழுத்தத்தை அவன் அணு அணுவாகக் குறைத்தான். அவசரப்பட்டால் இப்போது அவள் ரத்தத்திலும் அதே குமிழ் வரும். கடைசிக் கட்டத்தில் அவளையும் மாஸ்க் போடச் சொன்னான். எதிர்க்காமல் போட்டுக்கொண்டாள்.

கதவு திறந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வன்னியபெருமாள் தள்ளாடி, ஆனால் தன் காலாலேயே, தங்கையன் தோளைப் பிடித்து வெளியே வந்தான். பின்னாலேயே சாவித்ரி. செருப்பைத் தேடி எடுக்கக்கூடத் தெம்பில்லாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவர் ஒரு வாரம் இங்கேயே கரையில படுக்கட்டும். மலைப்பக்கம் திரும்பக் கூடாது," என்றாள். "நான் நாளைக்கு மாடி ஏறலாமா?"

"மாடி ஏறலாம். பொன்முடி ஏறக் கூடாது," என்றான் தளவாய்.

அவள் சிரித்தாள். பிறகு காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "கீழே ஆழத்துல என்னதான் தெரியும்?" என்று கேட்டாள்.

தளவாய் அவளருகில் மணலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.