வாய்மொழித் தேர்வில் பூஜ்யம்

தலைமையாசிரியையின் அறையில் கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம், சுழல் நாற்காலியில் தலைமையாசிரியை. மின்விசிறிக்கு நேர் கீழே தாளாளர். எதிரே அப்பாவும் அம்மாவும். கதவோரம் வகுப்பு டீச்சர். அம்மாவின் காலடியில், தரையில், கிரயான் டப்பாவோடு ஐந்தரை வயதுப் பாப்பா. கூட்டமே அவளைப் பற்றித்தான் என்றாலும் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை யாரும் எழுதவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். யூகேஜியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போக, பிள்ளை தாளாளர் முன்னால் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டு ஒப்பிக்க வேண்டும். பாப்பா ஒப்பிக்கவில்லை. பூஜ்யம். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மேலே போக, இவள் மட்டும் அதே குட்டைப் பெஞ்சில் இன்னொரு வருஷம். தேர்ச்சிப் பட்டியல் அன்று சாயங்காலத் தபாலில் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

“வீட்ல வாய் மூடமாட்டா மேடம்,” என்றார் அப்பா. “குளிக்கும்போதுகூடப் பேச்சுதான்.”

“அப்ப இது பிடிவாதம்தானே?” தலைமையாசிரியை கையை விரித்தார். “ஸ்டார் குடுத்தேன், சாக்லேட் குடுத்தேன். வாயைத் திறந்து கேட்டாத்தான் பாத்ரூம்னு கண்டிஷனும் போட்டேன்.”

கண்டிஷனின் பலனாகப் பாப்பா மூன்று முறை பாவாடையை நனைத்தாள். அதை அவர் சொல்லவில்லை.

டீச்சருக்குத் தன் பங்கும் நினைவில் இருந்தது. முதல் இரண்டு மாதம் அவளும்தான் தினம் காலையில் “உள்ளேன் டீச்சர் சொல்லு கண்ணு” என்று காத்து நின்றாள். முப்பது தலைகள் திரும்பிப் பார்த்தன. குழந்தைகள் மனநல ஆலோசகர் சொன்ன பிறகுதான் புரிந்தது: பேசமாட்டேன் என்று இல்லை, பயத்தில் தொண்டை பூட்டிக்கொள்கிறது, எல்லாரும் எதிர்பார்க்க எதிர்பார்க்க பூட்டு இறுகும். அன்றிலிருந்து வருகைக்குக் கை தூக்கினால் போதும். பாத்ரூமுக்கு ஒரு படஅட்டை. பள்ளி விட்டதும் வெறும் வகுப்பில் அம்மாவும் பாப்பாவும் விளையாட, டீச்சர் முதல் வாரம் வராந்தாவில், அடுத்த வாரம் வாசலில், பிறகு உள்ளே முதுகைக் காட்டிப் புத்தகம் அடுக்கியபடி, கடைசியில் பாயிலேயே. ஐந்தாவது வாரம் “சிவப்பா, நீலமா?” என்றதற்கு “சிவப்பு” என்று பதில் வந்தது. டீச்சர் ஒன்றுமே நடக்காத மாதிரி சிவப்பு கிரயானை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தக் குரல் வராந்தாவரை கேட்டுவிட்டது. தலைமையாசிரியை இரண்டு டீச்சர்களையும் இழுத்துக்கொண்டு கைதட்டியபடி உள்ளே பாய்ந்தார். “பேசிட்டா! பேசிட்டா! எங்க, இன்னொரு தடவை!” அதற்கப்புறம் ஒரு மாதம் பாப்பா அம்மாவிடம்கூடப் பள்ளிக்குள் பேசவில்லை.

இப்போது தாளாளர் குனிந்தார். “பாப்பா, உன் பேர் என்ன?” பாப்பாவின் முகம் மரப்பலகையானது. “மாமாகிட்ட என்ன பயம்? சொல்லு. சொல்லேன்!” காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு தடவையும் சத்தம் ஏறியது.

“சார், ஒரு பத்து நிமிஷம் அவளைப் பாக்காம பேப்பர் படிங்களேன்,” என்றாள் டீச்சர்.

தாளாளரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதிர்ச்சியிலேயே பேப்பரை விரித்தார்.

டீச்சர் தரையில், எதிரே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பூனை வரைந்தாள். “அட, என் பூனைக்கு வாலே இல்ல,” என்று பூனையிடமே சொல்லிவிட்டுப் பேசாமலிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கை நீண்டு வால் போட்டது. எண் அட்டைகளைப் பரப்பினாள். ஏழு எது, பத்துக்கு முன்னால் எது, எல்லாவற்றையும் பாப்பா விரலால் தொட்டுக் காட்டினாள்; படத்துக்குச் சரியான சொல் அட்டையையும் வைத்தாள். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

பாப்பா எழுந்து அம்மாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். தலைமையாசிரியையின் இரண்டு கைகளும் மேலே எழுந்தன.

“தட்டாதீங்க மேடம்!” என்றாள் டீச்சர்.

கைகள் அந்தரத்தில் நின்றன.

“என்ன சொன்னா?” என்றார் தாளாளர்.

அம்மா நெளிந்தாள். “அந்த மாமா எப்ப போவாருன்னு கேக்கறா சார்.”

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாளாளர் கடிகாரம் பார்த்தார். திடீரென்று அவருக்கு ஆயிரம் வேலை. “எல்லாம் தெரியுது, பேச்சுதான் வரல. மேல அனுப்பிடுங்க,” என்று கிளம்பிவிட்டார்.

டீச்சர் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள்: வாய்மொழிக்குப் பதில் சுட்டிக்காட்டும் முறையில் மதிப்பீடு, ஒன்றாம் வகுப்பு ஆசிரியை விடுமுறையிலேயே அம்மாவோடு சேர்ந்து பாப்பாவுடன் பழகுவார், பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது, பேசினால் பாராட்டு விழாவும் கூடாது.

தலைமையாசிரியை படித்துவிட்டுப் பேனாவை மூடினார். “‘தலைமையாசிரியையின் இடைவிடாத முயற்சியால்’னு ஒரு வரி சேத்தா கையெழுத்துப் போடறேன்.”

டீச்சர் ஒரு நொடி யோசித்தாள். பிறகு அந்த வரியைத் தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். இடைவிடாத முயற்சி என்பதில் பொய் ஏதும் இல்லை. கையெழுத்து விழுந்ததும் பட்டியலோடு சேர்த்து மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, வாசலில் சைக்கிளோடு நின்ற தபால்காரரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.