எண்பத்தேழாவது வரி

நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் சாந்தாமணி இரண்டே நாளில் முடித்துக் கொடுத்திருந்தாள். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு செய்கிறவள் அவள். மருந்துச் சீட்டு, பிரஷர் குக்கர் கையேடு, காப்பீட்டுப் படிவம் என்று எது வந்தாலும் செய்வாள். இந்த முறை வந்தது பெருந்துறையில் இருக்கிற ஒரு சாயப்பட்டறையின் மிசின் திரைக்கான எச்சரிக்கைப் பட்டியல். ஆங்கிலம் தெரியாத ஆட்கள்தான் மிசினை ஓட்டுகிறார்கள், அதனால் தமிழில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேலே ஒரே ஒரு குறிப்பு: ஒரு வரிக்கு இருபது எழுத்துதான், அதற்கு மேல் போகக் கூடாது.

இருபது எழுத்துக்குள் அடக்குவது எளிதாக இல்லை. விரல் விட்டு எண்ணி எண்ணித்தான் செய்தாள். ஒவ்வொரு வரியும் அடங்கியதும் ஒரு சின்ன சந்தோஷம். அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து, அந்த வேலையை வாங்கித் தந்த ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. "எண்பத்தேழாவது வரியைப் பத்திப் பட்டறையில கேக்குறாங்க. ஒருத்தருக்குக் கையில அடிபட்டிருக்காம். உங்க மேல தப்பில்லைன்னு சொல்லிட்டோம். சும்மா ஒரு கடுதாசி போடுங்க, மொழிபெயர்ப்பு சரிதான்னு."

சாந்தாமணி பட்டியலைத் திறந்து பார்த்தாள். எண்பத்தேழு: 'மூடியைத் திறக்க வேண்டாம்.' மறுபடி எண்ணினாள். நடுவிலிருந்த இரண்டு இடைவெளியையும் சேர்த்துப் பதினாலு. இருபதுக்குள்தான் இருந்தது. அர்த்தமும் சரி. கடுதாசியை ஐந்து நிமிஷத்தில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் 'கையில அடிபட்டிருக்காம்' என்ற சொல் அவளை விடவில்லை. மறுநாள் காலையில் பெருந்துறை பஸ் ஏறினாள்.

பட்டறை வாசலில் அவளைப் பார்த்ததும் மேலாளர் தங்கமுத்துவுக்கு ஆச்சரியம். "நீங்களே நேரா வருவீங்கன்னு நெனைக்கலீங்க. கடுதாசி போதுமுங்களே. டீ குடிக்கறீங்களா?"

"அடிபட்டவரு எப்படி இருக்காரு?"

"செங்கோடனா? முழங்கைக்குக் கீழ வெந்துருச்சுங்க. பெருசா இல்லீங்க, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. ஆனா பாருங்க, திரையில தெளிவா திறக்க வேண்டாம்னு போட்டிருக்கு, அவரு கம்பியை வெச்சு நெம்பியிருக்காரு. இருபத்திரண்டு வருஷ சர்வீசு. நான் என்ன பண்ணட்டும்? விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல இருக்கச் சொல்லியிருக்குதுங்க."

"அவரு என்ன சொல்றாரு?"

"திறக்கச் சொல்லித்தான் போட்டுச்சுன்னு சாதிக்கிறாரு. நீங்க எழுதுன பட்டியலையே காட்டிட்டோம். அப்பவும் அதேதான்."

மிசினைப் பார்க்க வேண்டும் என்றாள் சாந்தாமணி. பராமரிப்புப் பொறியாளர் நவநீதன் அவளை உள்ளே அழைத்துப்போனார். ஈரமும் சூடும் சாய வாடையுமாக இருந்த கூடத்தில் வரிசையாகப் பெரிய உருளைத் தொட்டிகள் நின்றன. துணி உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நூற்று முப்பது டிகிரி வரை ஏறும். அவ்வளவு சூட்டில் தண்ணீர் கொதிக்காமல் இருப்பதற்கே உள்ளே அழுத்தம் கட்டுகிறார்கள். வேலை முடிந்து ஆறிய பிறகு அழுத்தம் முழுக்க இறங்கினால்தான் வட்டமான மூடியைத் திறக்கலாம்.

"அன்னைக்கு ஆவி வெளிய போற வால்வுல பஞ்சு அடைச்சிருந்துச்சு மேடம்," என்றார் நவநீதன். "சூடு ஓரளவு இறங்கிருச்சு, அழுத்தம் இறங்கல. செங்கோடண்ணன் துணி சாம்பிள் எடுக்கறதுக்குப் பூட்டுக் கைப்பிடியைத் தள்ளியிருக்காரு. அழுத்தம் இருக்கறப்பக் கைப்பிடியை அசைச்சா எண்பத்தேழு வரும். பூட்டு ஊசி பிடிச்சுக்கிச்சு, மூடி திறக்கல. ஆனா நெம்புனதுல மூடி ஓரத்து ரப்பர் வளையம் வழியா ஆவி பீச்சிருச்சு. ஊசி இல்லைன்னா நெனைக்கவே முடியாது."

"அந்த வரியை இப்பத் திரையில கொண்டு வர முடியுமா?"

நவநீதன் மிசின் காலியாக இருப்பதை ஒரு தடவை உறுதி செய்துகொண்டு, திரையின் சோதனைப் பக்கத்துக்குப் போய் எண்ணைத் தட்டினார். கையகலத் திரையின் மூலையில் எண்பத்தேழு என்ற எண் வந்தது, கீழே சிவப்புப் பட்டை மின்னியது. அதில் இருந்தது:

மூடியைத் திறக்க வேண்

அவ்வளவுதான். அதோடு பட்டை முடிந்துபோயிற்று.

சாந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீதியை மனசுக்குள் நிரப்பிப் பார்த்தாள். வேண்டாம். வேண்டும். இரண்டும் அதே 'வேண்'தான். ஆளுக்கு ஆள், அவசரத்துக்குத் தக்கபடி, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மூடியைத் திறக்கத்தானே ஒருவன் அந்தக் கைப்பிடியில் கை வைத்திருப்பான்!

"ஏன் வெட்டிருச்சு? பதினாலு எழுத்துதானே?"

நவநீதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மேடம், மூ-ங்கறது நமக்கு ஒரு எழுத்து. மிசினுக்கு ரெண்டு. ம தனி, அதோட சுழி தனி. டி-யும் அதே கதைதான். த்-ல அந்தப் புள்ளியே ஒண்ணு." காகிதத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினார். இடைவெளியோடு இருபத்து நாலு வந்தது. "இருபதுக்கு மேல போனா அப்படியே வெட்டிரும். நாங்களும் பட்டியலைக் கொட்டி ஏத்துனதோட சரி. ஒவ்வொண்ணையும் திரையில வரவெச்சுப் பாக்கல." கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"தங்கமுத்து சார் பாத்தாரா?"

"அவரு காகிதத்தைத்தான் பாத்தாரு. நானும்தான்."

அன்று மத்தியானமே செங்கோடனின் வீட்டுக்குப் போனாள். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓட்டு வீடு. நாற்பத்தாறு வயது இருக்கும். இடது கையில் கட்டு. கயிற்றுக் கட்டிலிலிருந்து எழப் போனவரை அவள் தடுத்தாள்.

"அந்தப் பட்டியல எழுதுனது நான்தானுங்க."

செங்கோடன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? கயிறு நெரிசல்னு போட்டதும் நீங்கதானா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. ரோப் ஜாம் என்று இருந்ததை அப்படித்தான் எழுதியிருந்தாள்.

"மிசினுக்குள்ள ஏதுங்க கயிறு? துணிதான் கயிறாட்டம் முறுக்கிட்டு ஓடும். அது சிக்கிக்கிட்டா அந்த எச்சரிக்கை வரும். ரெண்டு நாளு பசங்க கயித்தைத் தேடிட்டு இருந்தானுங்க." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "முன்னாடி இங்கிலீசுல இருந்துச்சுங்க. ஒரு மண்ணும் புரியாது. ஆனா நம்பரு தெரியும். எண்பத்தேழு வந்தா கைய எடுத்துருவோம். தமிழ்ல வந்ததும் நம்பரப் பாக்கறதையே விட்டுட்டேன். படிக்கத்தான் தெரியுதே, அப்பறம் எதுக்கு நம்பருன்னு. சூடு எறங்கிருச்சு, மிசினே திறக்கச் சொல்லுது, கைப்பிடிதான் இறுகிக் கெடக்குதுன்னு கம்பிய வெச்சேன்."

"உங்க மேல தப்பில்லீங்க. வெட்டி வந்திருக்கு. நான் பாத்துட்டு வந்தேன்."

"அத நான் சொன்னா யாரு நம்புறா? என்ற சம்சாரமே, கண்ணாடி மாத்துங்கோன்னு சொல்றா."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "நம்பாமயா பத்திய சோறு ஆக்கறேன்?"

சாந்தாமணி அன்று மாலையே தங்கமுத்துவின் மேசைமீது ஒரு கடுதாசி வைத்தாள். ஏஜென்சி கேட்ட கடுதாசி அல்ல. திரையைப் படம் எடுத்து ஒட்டியிருந்தாள். எழுத்தைத் தான் எண்ணியது தமிழ்க் கணக்கில், மிசின் எண்ணுவது வேறு கணக்கில், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது தன் தவறு, செங்கோடன் படித்தது திரையில் இருந்ததைத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நவநீதனும் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: ஏற்றிய பிறகு திரையில் சரிபார்க்கவில்லை, அது என் பொறுப்பு.

தங்கமுத்து படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை திரையப் போய்ப் பாருங்கன்னு செங்கோடன் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னாருங்க," என்றார் நவநீதன். "நாம காகிதத்தைக் காட்டுனோம்."

தங்கமுத்து போனை எடுத்துச் செங்கோடனை அவரே கூப்பிட்டார். சாந்தாமணிக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "கை ஆறட்டும், அதுக்கப்பறம் வாங்க. சம்பளம் நிக்காது. தப்பு எங்க பக்கமுங்க."

ஏஜென்சி கோபித்துக்கொண்டது. யாராவது தவறை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டது, அதற்குப் பிறகு அவளுக்கு வேலை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அவள் அதற்காக வருந்தாமல் இல்லை. ஆனால் பட்டறை அவளையே நேரடியாகக் கூப்பிட்டது: பட்டியல் முழுவதையும் மறுபடி செய்துதர வேண்டும்.

இந்த முறை வீட்டில் உட்கார்ந்து செய்யவில்லை. மிசின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். கட்டுப் பிரித்த கையோடு வந்த செங்கோடனும் நவநீதனும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் ஒரு வரியைச் சொல்வாள், நவநீதன் திரையில் ஏற்றிக் காட்டுவார், செங்கோடன் தலையை ஆட்டுவார் அல்லது ஆட்டமாட்டார். கயிறு நெரிசல் போய், 'துணி சிக்கிக்கிச்சு' வந்தது. 'தொட்டி நீர்மட்டத் தாழ்வு' போய், 'டேங்க்ல தண்ணி கம்மி' வந்தது.

எண்பத்தேழில் சண்டையே நடந்தது.

"திறக்காதேன்னு போட்டுரலாம். சின்னதா இருக்கும்," என்றார் நவநீதன்.

"ஒரு மிசினு என்னை நீ வா போன்னு பேசுமா?" என்றார் செங்கோடன்.

"திறக்காதீங்க?"

"அது பரவால்லீங்க. ஆனா எதுக்குத் திறக்கக்கூடாதுன்னு தெரியலையே. சும்மா பூட்டிட்டுக் கெடக்குதுன்னு மறுபடி எவனாவது கம்பிய எடுப்பான்."

சாந்தாமணி பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "நீங்க பக்கத்துல இருக்கறவரு கிட்டச் சொல்றதா இருந்தா எப்படிச் சொல்லுவீங்க?"

"என்னத்த சொல்றது? உள்ளே பிரஷர் இருக்குப்பா, அவ்வளவுதான். அதுக்கு மேல எவன் தொடுவான்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நவநீதன் தட்டிப் பார்த்தார். 'உள்ளே பிரஷர் இருக்கு.' சரியாக இருபது, மிசின் கணக்கில். கடைசி எழுத்து பட்டையின் ஓரத்தை ஒட்டி நின்றது. இரண்டு எழுத்து விழுந்தாலும் அர்த்தம் மாறாது.

நூற்றுப் பன்னிரண்டையும் திரையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து முடித்தபோது ஷிஃப்ட் மாறுகிற நேரம். கைகளைத் துடைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒடிசாவிலிருந்து வந்த விக்ரம் நாயக் என்ற இளைஞன் திரைக்கு முன்னால் நின்று பட்டையை உற்றுப் பார்த்தான்.

"என்னண்ணா எழுதியிருக்கு?" என்றான், பட்டறையில் கற்றுக்கொண்ட தமிழில்.

செங்கோடன் படித்துச் சொன்னார். அவன் தலையாட்டிக்கொண்டே எண்பத்தேழு என்ற எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

சாந்தாமணி அதைப் பார்த்தாள். பையில் வைத்த பட்டியலை மறுபடி வெளியே எடுத்தாள்.

"ஒடிசாக்காரங்க எத்தனை பேரு இருக்காங்க?" என்று நவநீதனிடம் கேட்டாள்.

"இந்த ஷிஃப்ட்ல பதினோரு பேரு மேடம்."

"ஒடியா எழுதத் தெரிஞ்சவங்க ஒருத்தர நான் கூட்டிட்டு வர்றேன். எங்க வீட்டுல உக்காந்து இல்ல. இங்கயே, இதே ஸ்டூல்ல."