சாப்பிடப் போயிருந்த மருந்தாளுநர்

ஆஞ்சலா எழுதிய வேலை விண்ணப்ப மெயிலை அவள் கணவன் கிளெமென்ட் ஒரு முறை படித்துப் பார்த்தான். "என்ன ஆஞ்சி, வாட்டர் போர்டுக்கு கம்ப்ளெயின்ட் குடுக்கிற மாதிரி இருக்கு?" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எலக்ட்ரானிக் சிட்டியில் கஸ்டமர் சப்போர்ட்டில் இருப்பவன். முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பதற்கே தினமும் பக்கம் பக்கமாக ஆங்கிலம் எழுதுகிறவன். அவனிடம் போய் சாதாரண வாக்கியத்தைக் காட்டினால் சும்மா விடுவானா?

கர்நாடக பார்மசி கவுன்சிலில் தன் பெயர் பதிவாகியிருக்கிறது, பதிவு நடப்பில் இருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். அவன் கைபட்டதும் அது 'மருந்தியல் மீது தணியாத தாகம் கொண்ட பதிவுபெற்ற நிபுணர்' ஆயிற்று. ஹெப்பகோடியில் ஒரு மருந்துக் கடையில் நான்கு வருடம் டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்தது, 'நோயாளியை மையமாகக் கொண்ட சேவையில் ஆழங்கால் பட்ட அனுபவம்' ஆயிற்று. ஷிப்ட் விஷயத்தில்தான் அவன் உச்சத்தைத் தொட்டான். 'எந்த நாளும், எந்த நேரமும், எந்த ஷிப்டும்.'

"உங்களுக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரம் அத்தைய யாரு பாத்துக்கிறது?" என்றாள் ஆஞ்சலா. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மாமியார் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் போன வருடம் அவள் வேலையை விட்டாள்.

"அதெல்லாம் வேலை கெடச்சப்புறம் பேசிக்கலாம். மெயில்ல உண்மைய எழுதினா எவன் கூப்பிடுவான்?"

அனுப்பிவிட்டான்.

அதிசயம், கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பொறுப்பாளர் வீணா. குரலில் சர்க்கரையைக் கரைத்து வைத்திருந்தார்.

"ஆஞ்சலாவா? சாப்ட்டாச்சாம்மா?"

"இப்பதான் மேடம்."

"அப்ப சரியா சொல்லியிருக்காங்க. உங்க மெயில்ல போட்டிருந்த கடைக்கு போன் பண்ணேன், நீங்க எப்படி வேலை செஞ்சீங்கன்னு கேக்கலாம்னு. ஓனர் ஸ்ரீகண்டன் எடுத்தாரு. 'ஆஞ்சலா மேடம் ஊட்டக்கே போயிருக்காங்க, சாப்ட்டுட்டு அரை மணியில வந்துடுவாங்க'ன்னாரு."

ஆஞ்சலா கையிலிருந்த தட்டைத் தொட்டியிலேயே விட்டாள். "மேடம், நான் அந்தக் கடைய விட்டு ஒரு வருஷம் ஆச்சு."

"ஒரு வருஷமா சாப்பிடறீங்களா? எந்த ஷிப்டும் ஓகேன்னு எழுதியிருந்தீங்க. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துலேயும் இருப்பீங்கன்னு எழுத மறந்துட்டீங்க பாருங்க." சர்க்கரை அதோடு தீர்ந்தது. "இங்க சேந்தா எங்க மருந்தக லைசென்ஸ்ல உங்க பேரை ஏத்தணும்மா. அந்தக் கடை லைசென்ஸ்ல நீங்க இருக்கிற வரைக்கும் அது நடக்காது. அதை முடிச்சுட்டுப் பேசுங்க."

அன்று பிற்பகலே, வீடு இருக்கும் நீலசந்திராவிலிருந்து ஹெப்பகோடிக்கு பஸ் ஏறினாள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் பஸ் தன் வழக்கமான தியானத்தில் ஆழ்ந்தது. அந்த நேரத்தை அவள் ஸ்ரீகண்டனை மனதுக்குள் திட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டாள். தன்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டாள். வேலையை விட்டபோது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அவளே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். "நான் பாத்துக்கறேம்மா" என்று அவர் சொன்னதை நம்பிவிட்டாள்.

கடையில் ஸ்ரீகண்டன் தனியாக இருந்தார். பி.காம் படித்தவர். வியாபாரத்தில் கெட்டிக்காரர். அவருக்குப் பின்னால் சுவரில் லட்சுமி, பக்கத்தில் கணபதி, அதற்குப் பக்கத்தில் ஆஞ்சலாவின் பதிவுச் சான்றிதழ். அசலை அவள் எடுத்துப் போயிருந்தாள், இது கலர் ஜெராக்ஸ். சாமிகளோடு சாமியாக அதற்கும் ஒரு பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தார்கள். மூலையில் அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேறு இருந்ததால், பார்ப்பவர்கள் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போகத் தோதாக இருந்தது.

"வாம்மா வாம்மா! பாத்து எவ்ளோ நாளாச்சு."

"தினமும் பாக்கறீங்க போலிருக்கே சார். மாலையெல்லாம் போட்டு."

அவர் சிரித்தார். "ஆயுத பூஜைக்குப் போட்டதும்மா. எடுக்க மனசு வரல்ல. காலையில ஏதோ மேடம் போன் பண்ணாங்க, டிபார்ட்மென்ட்டுன்னு நெனச்சு வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அது எனக்கு வேலை குடுக்க இருந்த ஆஸ்பத்திரி."

"அய்யய்யோ! சரி விடு. வேற பார்மசிஸ்ட் யாரும் ஹெப்பகோடி வரைக்கும் வர மாட்டேங்கிறாங்க. பேருதானே, சும்மா சுவத்துல இருக்கட்டுமே. அதென்ன சோறா கேக்குது?"

அப்போது பக்கத்துத் தொழிற்சாலையின் சீருடையில் ஒரு பெண் வந்து சீட்டை நீட்டினாள். ஸ்ரீகண்டன் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டு ஓர் அட்டையை எடுத்தார். பில் அடித்துக் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆஞ்சலா சீட்டு, மருந்து, பில் மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நல்லவேளை, மருந்து சரிதான். பில்லின் அடியில் 'மருந்தாளுநர்: ஆஞ்சலா' என்று அச்சாகியிருந்தது.

அதுவரை அவளுக்கு இருந்தது எரிச்சல்தான். இப்போது பில்லை இன்னொரு முறை படித்தாள். ஒரு வருடமாக இந்தக் கடையிலிருந்து போன ஒவ்வொரு மாத்திரையும் அவள் கொடுத்தது. தூக்க மாத்திரை, ஆன்டிபயாட்டிக், குழந்தைகளின் சிரப், எல்லாமே. எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"சார், இவங்களுக்கு நாளைக்கு ஏதாவது ஆனா போலீஸ் யாரைத் தேடும்?"

"அபசகுனமா பேசாதேம்மா."

"என்னைத்தான் தேடும். நீங்க நான் சாப்பிடப் போயிருக்கேன்னு சொல்வீங்க."

அவள் கடை வாசலிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து போனில் துறைக்கு மெயில் எழுதினாள். விலகிய தேதி, லைசென்ஸிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரிக்கை, அன்றைக்கு ஸ்ரீகண்டனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ராஜினாமா, அதற்கு அவர் போட்ட 'ஓகே மா'. எழுந்து போய் மாலையோடு சான்றிதழையும் படம் எடுத்துச் சேர்த்தாள்.

ஸ்ரீகண்டனின் முகம் வாடியது. "ஒரு வாரம் டைம் குடும்மா. பார்மசிஸ்ட் இல்லேன்னா கடைய மூடணும்."

"ஒரு வருஷம் குடுத்துட்டேன் சார்," என்று சொல்லி மெயிலை அனுப்பினாள். அனுப்பிய பிறகு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த மனிதர் ஒருநாளும் அவளிடம் சத்தம் போட்டதில்லை. வேலை கற்றுக்கொண்ட இடமும் அதுதான்.

பஸ்ஸில் திரும்பும்போதே வீணாவுக்கு இன்னொரு மெயில் எழுதினாள். இந்த முறை கிளெமென்ட்டைக் கேட்கவில்லை.

'மேடம், என் பதிவு எண்ணும் அது செல்லுபடியாகும் தேதியும் கீழே இருக்கின்றன. பழைய கடை லைசென்ஸிலிருந்து பெயரை நீக்க இன்று எழுதிவிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன். விலகியபோதே எழுதாதது என் தவறு. நான்கு வருடம் சில்லறைக் கடையில் மருந்து கொடுத்திருக்கிறேன், தனிக் கணக்கு வைக்க வேண்டிய எச்1 மருந்துகளின் பதிவேட்டையும் நானே எழுதினேன். வார்டுகளுக்கு மருந்து அனுப்பிப் பழக்கமில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். காலை, மாலை ஷிப்ட் எப்போதும் வர முடியும். கணவருக்கு இரவு வேலை இருக்கும் வாரங்களில் மட்டும் இரவு ஷிப்ட் முடியாது, வீட்டில் துணையில்லாமல் நடக்க முடியாத மாமியார் இருக்கிறார்.'

நேர்முகத்துக்கு அழைத்த வீணா அசல் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொத மெயில் யாரு எழுதினது?"

"வீட்டுக்காரர், மேடம்."

"அவருக்கு இங்க வேலை இல்லைன்னு சொல்லிடுங்க. தணியாத தாகம்னு எழுதறவங்க தெனமும் பத்து பேர் வர்றாங்க. நைட் எப்ப முடியாதுன்னு சொன்னாத்தானே நான் டூட்டி போட முடியும்?"

பழைய லைசென்ஸிலிருந்து பெயரை நீக்கியதாகத் துறையின் கடிதம் வந்த பிறகுதான் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஸ்ரீகண்டனின் கடை பூட்டி, புதிய மருந்தாளுநர் ஒருவர் கிடைத்து, மறுபடி திறந்தும் விட்டது. ஹெப்பகோடி வரைக்கும் வர ஆள் இருக்கத்தான் செய்தது.

முதல் மாலை ஷிப்டில் ஆஞ்சலா மூன்றாம் மாடி வார்டுக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தபோது கிளெமென்ட் அழைத்தான். குக்கரில் எத்தனை விசில் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தையைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, குளிர்பெட்டியை மூடி, வார்டு அனுப்பிய சீட்டை இன்னொரு முறை சரிபார்த்தாள்.