ஒரே பெயர், பதினோரு விளக்கம்

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘சிவப்பு மை’. வைத்தவர்களுக்கு வாய் நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. நர்சிங் மாணவிகளின் பார்மகாலஜி, அதாவது மருந்தியல், தாள்களை இருபது வருடமாகத் திருத்துகிறேன். என் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது என்ற திமிரும் உண்டு.

அன்று ஒரே கட்டுக்குள் பதினோரு தாள்கள், அச்சில் வார்த்த மாதிரி. பிரஷருக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகையில் ஆஸ்துமா நோயாளிக்குக் கூடாத மருந்து ஒன்றைச் சொல்லி விளக்க வேண்டும். மருந்து, அதன் வகை, உடம்பில் அது போய் ஒட்டும் ரிசெப்டர், பக்கவிளைவு என்று எல்லாத் தாளிலும் ஒரே வரிசை. அந்தச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில், அடிக்கோடிட்டு. மற்றதெல்லாம் தமிழ்.

“காப்பி!” என்று முறைகேடு படிவத்தை எடுத்தேன். அது போனால் பதினோரு பேருக்கும் ஒரு வருடம் போச்சு. முகாம் அதிகாரி அந்தக் கல்லூரி டீச்சரை வரவழைத்தார்.

ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. நாலு பக்கக் கையேட்டை நீட்டினாள். “நான் எழுதினது மேடம். எல்லாம் தமிழ்ல படிச்சு வந்த பொண்ணுங்க. அமைப்பு மட்டும்தான் ஒண்ணு. தமிழைப் படிச்சுப் பாருங்களேன்.”

முறைத்துக்கொண்டே படித்தேன். ஒருத்தி, ‘அட்ரினலின் உட்கார வேண்டிய நாற்காலியில் புரோப்ரனோலால் உட்கார்ந்துவிடுகிறது, இதயத்தை விரட்ட ஆளில்லை’ என்கிறாள். இன்னொருத்தி, ‘மூச்சுக்குழாயிலும் பீட்டா ரிசெப்டர் இருப்பதால் குழாய் இறுகும், என் அம்மாவுக்கு ஆஸ்துமா, இதை மறக்கவே மாட்டேன்’ என்கிறாள். அடேயப்பா! இருபது வருடத்தில் நான்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஏழாவது தாளில் மருந்தின் பெயருக்கு வெற்றிடம். ‘பெயர் நினைவில்லை. ஊகித்து எழுதவில்லை.’ கீழே விளக்கம் அத்தனையும் சரி. காப்பியடித்தவளுக்குப் பெயர் மட்டும் கிடைக்காமல் போகுமா? படிவத்தைக் கிழித்துப் போட்டேன். பெயருக்கு மதிப்பெண் இல்லை, விளக்கத்துக்கு முழுசாகப் போட்டேன்.

பிறகுதான் கையேட்டைத் திறந்தேன். முதல் வரி: ‘எந்த மாத்திரை?’

“அது என்னம்மா?”

“நான் படிச்சப்போ ‘பிரஷர் மாத்திரை ஆஸ்துமாக்காரருக்குக் கூடாது’ன்னு எழுதினேன் மேடம். பிரஷருக்கு எத்தனையோ மருந்து இருக்கே! பெயிலாயிட்டேன். தாளோட நகல் வாங்கிப் பார்த்தா, யாரோ சிவப்பு மையில ‘எந்த மாத்திரை?’ன்னு கிழிக்கிற மாதிரி எழுதியிருந்தாங்க. ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன். அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதினேன்.”

என் பேனாவை மூடினேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

“கிழிக்கிற மாதிரி அந்தக் கேள்வியை எழுதுறது நான்தாம்மா” என்றேன். “என் கிளாஸ் பிள்ளைங்களுக்கும் ஒரு ஜெராக்ஸ் கொடு.”