ரமழான் எழுத்து

என் புருசன் பேரு பழமலை. கோயில் சாமி பேரு. விருத்தாசலத்துல தெருவுக்கு ரெண்டு பேருக்கு இருக்குது. இந்தப் பேர ஒருத்தன் வேணும்னே கெடுப்பான்னு யாராவது முன்னாடி சொல்லியிருந்தா, போடா கிறுக்கான்னு வெரட்டியிருப்பேன்.

அவரு பீங்கான் கம்பெனியில சூளைக்குத் தீ பாக்குறவரு. நான் அங்கயே பொம்மைக்குக் கண்ணு வைக்கிறவ. சலீமும் அவரும் அந்தச் சூளையில ஒண்ணா வெந்தவங்க. சலீமு குவைத்துக்குப் போயி ஓடு சுடுற ஒரு கம்பெனியில மேஸ்திரி ஆனப்புறமும், லீவுக்கு வந்தா மொத சோறு எங்க வூட்டுலதான். "அண்ணி, ஒங்க கருவாட்டுக் கொழம்பு இல்லாம நாக்கு செத்துப்போச்சு"ம்பான். நானும் ஈன்னு இளிச்சிக்கிட்டு இன்னும் ரெண்டு துண்டு வைப்பேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

எழுபத்தாறாம் வருசம் லீவுல வந்தவன், இவரு சுட்ட பீங்கான் ஒண்ண எடுத்துக் காட்டுனான். "அண்ணே, போன தடவ இதுமாரி ஒண்ண எங்க மொதலாளிகிட்ட காட்டுனேன். கொஞ்சம்கூட விரிசல் இல்லியேன்னு அசந்துட்டாரு. இத சுட்ட ஆளக் கூட்டிக்கிட்டு வான்னாரு. ஒரு எடம்தான் காலி. அது ஒங்களுக்குத்தான்."

இவரு அன்னிக்குத் தூங்கவேயில்ல. இங்க சூளைப் புகையில இருமி இருமி நெஞ்சு காஞ்சு போயிருந்துது. அங்க எண்ணெய்ச் சூளை, புகையே இல்லன்னு சலீமு சொல்லியிருந்தான். அந்த எடம் கெடச்சா மனுசன் இன்னும் கொஞ்ச காலம் நல்லா மூச்சு விடுவாருன்னு நான் நெனச்சேன். எனக்கு வேணும்னு இருந்தது அது ஒண்ணுதான்.

பாஸ்போர்ட்டு வந்துது. அதுல ழவுக்கு இங்கிலீஷ் எல் போட்டுத்தான் அடிச்சிருந்தாங்க. ஆனா குவைத்து ஆபீஸ்ல எல்லாம் அரபிதானாம். பேர அரபியில எழுதி அனுப்புனா அதப் பாத்துதான் அங்க அனுமதிக் காயிதம் போடுவாங்களாம். அந்த அரபிய அங்கயே ஒருத்தன் திருப்பி இங்கிலீஷ்ல அடிப்பானாம். பள்ளிவாசல்ல ஓதிக் குடுக்குற பரக்கத்துல்லா ஹஜ்ரத்துதான் எழுதிக் குடுத்தாரு. பேர எழுதுறதுக்குள்ள மனுசன் திண்டாடிட்டாரு.

"அம்மா, அரபியில ஒங்க பந்துல வர்ற ப கெடையாது. பஸ்ஸுல வர்ற ப-தான் உண்டு. அதையே போடுறேன், அது எல்லாரும் ஒத்துக்கிறதுதான். ழ-தான் தொல்ல. அதுவும் கெடையாது."

"எழுதாமப் போயிடாதீங்க ஹஜ்ரத்து, பாதிப் பேரோட அனுப்பிப்புடாதீங்க"ன்னேன். சிரிச்சாரு. எழுதி முடிச்சு சலீமு கையில குடுத்துட்டாருன்னு சொன்னாங்க. அதோட நான் மறந்துட்டேன்.

நடுவுல சலீமு தன் தங்கச்சி சாதிகா புருசன் ஷபியுல்லாவக் கூட்டியாந்தான். வேப்பூருல வளையல் கடை வச்சு ஓடாமப் போன பையன். "அண்ணே, அடுத்த எடம் காலியானா இவனுக்குக் கேப்பேன். பேரு மட்டும் இப்பவே அனுப்பி வைக்கிறேன். கொஞ்சம் சூளைப் பழக்கம் சொல்லிக் குடுங்க." இவருக்கு வேல கத்துக் குடுக்குறதுன்னா வெல்லம். சூளைக்குள்ள சூடு பதமானா உருகிச் சாயற கோனு, அத பாக்குற ஓட்டை வழியா எப்படிப் பாக்குறது, தீ நெறம் மாறுனா என்ன செய்யணும், எல்லாம் பக்கத்துல நிக்க வச்சு சொன்னாரு. அந்தப் பையனுக்குக் கண்ணு எரிஞ்சா எங்க வூட்டு மோருதான்.

சலீமு லீவு முடிஞ்சு போனான். "காயிதம் வந்துடும், நீங்க வேலய வுட்டு நின்னுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனான். இவரும் நின்னுட்டாரு. அவரு எடத்துல திட்டக்குடி ஆளு ஒருத்தன சேத்துக்கிட்டாங்க.

காயிதம் வந்துது. இவரு பெட்டியோட பம்பாய்க்குப் போனாரு. அங்க ஏஜெண்டு அதையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, ரெண்டும் வேற ஆளுன்னுட்டான். பாஸ்போர்ட்டுல பழமலை. காயிதத்துல பதமலை. எவன்டா அந்தப் பதமலை? மறுபடி மொதல்லேர்ந்து எழுதிப் போடணும், அதுக்குள்ள எடம் நிக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டான். இவரு ரயில் ஏறித் திரும்பி வந்தாரு. பெட்டிய எறக்கி வச்சுட்டு, "என் பேரு அரபிக்கு ஒத்துக்கலடி அமிர்தம்"னு சொல்லிச் சிரிக்கப் பாத்தாரு. சிரிப்பு வரல, இருமல்தான் வந்துது.

அந்த எடத்துக்கு, பேரு முன்னாடியே போயிருந்த ஷபியுல்லாவுக்குக் காயிதம் பிசகாம வந்துது. அந்தப் பேரு அரபிப் பேருதான, என்ன பிசகு வரும்?

நேரா பள்ளிவாசல் வாசல்ல போயி நின்னேன். "நல்லா இருப்பீங்களா ஹஜ்ரத்து, இப்படி எழுதி எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே"ன்னு கத்தினேன்.

அவரு பதறிட்டாரு. "உக்காரும்மா. நான் ரெண்டு சீட்டு எழுதினேன். ஒண்ணுல ரமழான்ல வர்ற எழுத்தப் போட்டேன். நம்ம பக்கத்துல அத ழ-ன்னுதான் ஓதுறோம், அதனால எனக்கு அதுதான் சரின்னு பட்டுது. இன்னொண்ணுல லாம் எழுத்து, ல-ன்னு வரும். நான் அரபு நாட்டப் பாத்தவன் இல்ல. நீ இருந்தவன், எது சரியோ அத அனுப்புன்னு சலீமுகிட்ட ரெண்டையும் குடுத்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான். 'ஹஜ்ரத்து, அங்க ரமதான்னுதான் சொல்லுவாங்க. இத அனுப்புனா அண்ணன பதமலையாக்கிடுவானுங்க. லாம்தான் பாஸ்போர்ட்டுக்கும் ஒத்துவரும்'னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போனான்."

என்ன சொன்னோம்னு ஹஜ்ரத்துக்கே அப்பதான் ஒறச்சுது. தெரியாம செஞ்சிருந்தா பொறுத்துக்கலாம். என்ன ஆவும்னு வாயால சொல்லிச் சிரிச்சுட்டு, அதையே அனுப்பியிருக்கான் பாவி.

ஷபியுல்லாவக் கூட்டிப் போவ சலீமு வந்தான். அன்னிக்கு அவன் வூட்டுல பிரியாணி, சொந்தக்காரங்க கூட்டம். வேணாம்னு இவரு சொல்லியும் நான் இழுத்துக்கிட்டுப் போனேன். எங்களப் பாத்ததும், "வாங்கண்ணி, அண்ணே உக்காருங்க"ன்னான். மொகத்துல ஒரு சொட்டு வெக்கமில்ல.

"ஹஜ்ரத்து எல்லாம் சொல்லிட்டாரு"ன்னேன்.

அவன் மொகம் செத்துப்போச்சு. கூட்டமே எங்களப் பாத்துது. "அண்ணி, அவன் என் தங்கச்சி புருசன். மொதலாளி அண்ணனத்தான் கேட்டாரு. நான் வேற என்ன செய்ய?"ன்னான்.

"வூட்டுக்கு வந்து கேட்டிருக்கணும்டா! என் தங்கச்சி கண்ணீரு வுடுறா, எடத்த வுட்டுக் குடுங்கண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த மனுசன் குடுத்திருப்பாரே! எனக்குத் தெரியாமயே குடுத்திருப்பாரு! அத செய்யாம பழிய அரபி எழுத்து மேல போட்டியே. நீ குடுக்கப்போற எடத்துக்கு இவர வச்சே அவனுக்கு வேல கத்துக்க வச்சியே, அது எப்படிடா மனசு வந்துது?"

ஷபியுல்லா தட்டத் தள்ளி வச்சுட்டு எழுந்துட்டான். அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவன் மூஞ்சியே சொல்லுச்சு. இவரு அவன் தோள்ல கை வச்சு உக்கார வச்சாரு. "சாப்புடுப்பா. கோனு சாஞ்சதும் அவசரப்பட்டுக் கதவத் தொறந்துடாத. தானா ஆறட்டும்."

அப்புறம் சலீமு பக்கம் திரும்புனாரு. திட்டுவாரு, அடிப்பாருன்னு நான் எதிர்பாத்தேன்.

"சலீமு, என் பேர ஒரு தடவ சொல்லு."

"அண்ணே..."

"அண்ணன் இல்ல. பேரு."

அவன் தல குனிஞ்சு சொன்னான். "பழமலை."

ப சரியா இருந்துது. ழ சுத்தமா இருந்துது. எங்க ஊருல பொறந்து வளந்தவன் வாயி.

"நல்லாத்தான் வருது"ன்னாரு இவரு. எழுந்து செருப்பப் போட்டுக்கிட்டு நடந்தாரு. தெரு முனை வரைக்கும் அவரு இருமல் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துது. அவனுக்கும் கேட்டிருக்கும்.