நாடியில் இருந்த கறை

ஜூன் மூன்றாம் தேதி, புதன்கிழமை அதிகாலை, துறைமுகத்துக்குத் தெற்கே நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகிலிருந்து ஒன்பது பேரைச் சரக்குக் கப்பல் ஒன்று மீட்டது. மீட்புப் படகின் எஞ்சினைக் கிளப்பி ஓட்டியது கப்பலின் மூன்றாம் பொறியாளர். அவர் ஒரு பெண்.

அன்று மத்தியானம் அவருடைய அப்பா பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் செல்போன், முகத்தில் ஊர்ப்பட்ட சந்தோஷம்.

"படம் பாக்கறவங்க யாரும்மா இங்க?"

படப்பிரிவில் இருந்தது ஒரே ஒருத்திதான். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அலுவலகம் முழுக்க அவளுக்குக் 'கண்ணாடி' என்றே பெயர்.

"நான்தான் ஐயா. நீங்க காலையில அனுப்பின படத்தைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"எப்படி? என் பொண்ணு நல்லா இருக்காளா?"

"பொண்ணு நல்லா இருக்காங்க. படம்தான் உடம்பு சரியில்லாம இருக்கு."

அது வீடியோ காலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். கப்பலில் இணைய வசதி பேருக்குத்தான். முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, பல்லும் உதடும் ஒன்றாகக் குழம்பி, மேல் மூலையில் அப்பாவின் நெற்றியும் எட்டிப் பார்த்தது. செல்போன் திரை பெரிது என்பதால் கோப்பும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே சரக்கு இல்லை. கால் கிலோ மாவைப் பெரிய மூட்டையில் போட்டுக் கட்டிய கதை.

வேறு படம் கேட்கவும் வழியில்லை. கப்பல் தொடர்பு எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டில் இருந்தது பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், இரட்டைப் பின்னல். கப்பல் நிறுவனமோ கேப்டனின் படத்தை மட்டும் பளபளவென்று அனுப்பியிருந்தது. ஐந்து மணிக்குள் பொண்ணின் படம் தேறாவிட்டால் முதல் பக்கத்தில் கேப்டன்தான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"அவரும் நல்ல மனுஷன்தாம்மா," என்றார் அப்பா. "ஆனா தண்ணியில எறங்கினது அவர் இல்லையே."

பக்கத்து மேசையில் பக்க வடிவமைப்பாளன் நாற்காலியைச் சுழற்றினான். எதையும் ஆறப்போடத் தெரியாதவன் என்பதால் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர்.

"அக்கா, நான் எப்பவோ முடிச்சிட்டேன். புது மென்பொருள்ல போட்டேன், பாருங்க!"

திரையில் ஒரு பெண் சிரித்தாள். இமைமுடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலிருந்தது. பல் வரிசை முத்து. நாடியில் அழகான ஒரு மச்சம்.

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"யாருப்பா இந்தப் பொண்ணு?"

"உங்க பொண்ணுதான், ஐயா."

"என் பொண்ணுக்கு ஏது மச்சம்? பல்லும் இவ்வளவு ஒழுங்கு கெடையாது, எங்க வம்சத்துலயே கெடையாது." பொக்கை வாயைத் திறந்து ஆதாரம் வேறு காட்டினார்.

கண்ணாடி சிரித்துவிட்டாள். "இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் தானா கற்பனை பண்ணிக்கும், அவசரம். செய்தியில இதைப் போட்டா நாளைக்கு அந்தப் பொண்ணே நம்ம மேல கேஸ் போடுவா."

"அப்ப மச்சம் எங்கேர்ந்து வந்தது?"

"மூலப்படத்துல அந்த எடத்துல ஒரு கருப்புத் திட்டு இருக்கு. சிக்னல் கோளாறுல வந்த அழுக்கு. நான் அதைத் துடைச்சே எடுத்துட்டேன்."

துடைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனாலும் படம் தேறவில்லை. சதுரங்களை மழுக்கினால் முகமும் மழுங்கியது. கூர்மையாக்கினால் சதுரங்கள் பல்லிளித்தன. மணி மூன்றரை. ஆசிரியர் வாசலில் தலையை நீட்டி, "கேப்டனா, பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பாவின் முகம் வாடியது. கண்ணாடிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஐயா, இந்த ஒண்ணுதான் எடுத்தீங்களா?"

"அவ சிரிச்சா பாரு, அதான் இதை அனுப்பினேன்." கொஞ்சம் தயங்கினார். "மத்ததெல்லாம் எதுக்கும்மா, உங்களுக்குத் தொந்தரவு."

"மத்தது எவ்வளவு?"

"வீட்டுல கெழவி திட்டுவா, கேக்காத. எனக்கு ஒரு தடவை அழுத்தினா நம்பிக்கை வராது. முத்திரை குத்தின கை. ஒண்ணு பதியலைன்னா இன்னொண்ணு, அது சாய்ஞ்சிருந்தா இன்னொண்ணு. பேசி முடிக்கிறவரைக்கும் அழுத்திட்டேதான் இருந்தேன்."

போனை வாங்கித் திறந்தாள். மகளின் முகம் வரிசை வரிசையாக வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"ஐயா, நீங்க வாழ்க!"

படங்களை அப்படியே அனுப்பினால் வழியிலேயே இன்னும் சுருங்கும். அதனால் கேபிள் போட்டுக் கணினிக்கு இழுத்தாள். முதலில் கழித்தல் வேலை. காட்சி உறைந்து நின்ற நேரத்தில் எடுத்தவை எல்லாம் ஒன்றின் நகல் இன்னொன்று, அவற்றால் பயனில்லை. சிரித்தபோது முகம் அசைந்து கலைந்திருந்தது. அப்பாவுக்குப் பிடித்த படமும் அதோடு போனது. மகள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த நேரத்துப் படங்கள் மிஞ்சின. அப்பா நீளமாகப் பேசுபவர் என்பதால் அவை நிறையவே இருந்தன.

"நான் பேசினதுக்கு இன்னிக்காவது ஒரு பிரயோஜனம்," என்றார் அவர்.

கண்ணைக் கண்ணோடு பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சதுரங்கள் திரையோடு ஒட்டியவை. முகமோ, மகள் தன் போனைப் பிடித்திருந்த கை அசைந்ததில், ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. முகத்தைப் பொருத்தியதும் சதுரங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறின. எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்கச் சொன்னாள். கோளாறுகள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. எல்லாப் படத்திலும் இருந்தது மட்டும் நின்றது: புருவம், மூக்கின் நிழல், கொஞ்சம் கோணலான உதடு.

நாடியில் அந்தக் கருப்புத் திட்டும் நின்றது.

கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சிக்னல் அழுக்கென்றால் இதற்குள் கரைந்திருக்க வேண்டும். இது முகம் போன இடமெல்லாம் கூடவே போயிருந்தது.

"ஐயா, நாடியில இது என்ன?"

"அதுவா? எஞ்சின் எண்ணெய். 'மூஞ்சி கழுவக்கூட நேரமில்லப்பா'ன்னா. கறையோட கூப்பிடறியேன்னு நான் திட்டிட்டிருந்தேன், அப்பதான் சிரிச்சா."

அவசரம் மெதுவாகத் தன் திரையில் இருந்த மச்சக்காரியை மூடினான்.

"நான்கூட அழுக்குன்னு துடைச்சேன்," என்றாள் கண்ணாடி. "நீ மச்சம்னு வச்சே. கணக்கு சரியாப் போச்சு, விடு."

நிறத்தில் இன்னும் திட்டுத்திட்டாகப் பச்சை படிந்திருந்தது. கறுப்பு வெள்ளையாக்கினாள், அது மறைந்தது. மேலே மெல்லிய மணல்போலக் கொஞ்சம் புள்ளி தூவினாள்; சராசரி எடுத்ததில் வந்த மெழுகுத்தனம் போய்த் தோல் தோலாயிற்று. கறையைத் தொடவில்லை.

ஆசிரியர் வந்து நின்று பார்த்தார்.

"எண்ணெயோட இருக்காளே! இதைவிட என்னய்யா வேணும்? மூணு பத்தி அகலத்துக்குப் பெருசாப் போடு."

"மூணு பத்திக்கு இழுத்தா முகம் மறுபடியும் கலங்கி மாவாயிடும், சார். ஒரு பத்தி அகலம்தான் தாங்கும். அந்த அளவுக்கு நம்ம தாள்ல கண்ணும் தெரியும், கறையும் தெரியும்."

"ஒரு பத்தியா?" என்று ஆசிரியர் அப்பாவைப் பார்த்தார்.

"தபால் தலை அதைவிடச் சின்னதுதானே சார்," என்றார் அப்பா. "அதுல எவ்வளவு பெரிய ஆளுங்களைப் பாத்திருக்கேன்!"

அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகளின் நாடியைத் துடைக்கப்போவதுபோல் விரலை நீட்டினார். பிறகு விரலை மடக்கிக்கொண்டார்.

பக்கம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போனது. வியாழக்கிழமை இதழின் முதல் பக்கத்தில், கப்பல் படத்துக்குக் கீழே, ஒரு பத்தி அகலத்தில் மூன்றாம் பொறியாளரின் படம் வெளிவந்தது. கேப்டனின் படம் ஏழாம் பக்கத்தில் இருந்தது.